ஹட்டன் வீட்டை இப்போ விற்கிறதா, பொறுக்கிறதா? குறுங்கால இலாபம், நீண்டகால இலாபம் நம்ம நாட்டுல இருக்கா?

ஹட்டன் செல்வா | 2025 ஒக்டோபர் 11, காலை 7.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு காணி விஷயம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஹட்டன் டவுனுக்குக் கிட்ட ஒரு வீடு வாங்கினேன். 2022 நவம்பர்ல அட்வான்ஸ் கொடுத்தேன், உறுதி முடிஞ்சது 2023 ஜனவரி 15. பெப்ரவரி 1ஆம் திகதி குடும்பத்தோட குடி வந்துட்டோம். நான் வங்கியில வேலை. இந்த வருஷம் மார்ச் கடைசியில கண்டிக்கு இடமாற்றம் வந்ததால எல்லாரும் கண்டிக்குப் போயிட்டோம். ஏப்ரல்ல இருந்து வீடு வாடகைக்கு.

வாங்கின விலை 68 இலட்சம். முத்திரை வரி, நொத்தாரிஸ் செலவு எல்லாம் சேர்த்து மூன்றரை இலட்சம். பின்பக்கம் மண் சரியுதுன்னு தடுப்புச் சுவர் கட்டினதுல ஆறரை இலட்சம் போச்சு. இப்போ ஒருத்தர் 115 இலட்சத்துக்குக் கேட்கிறார், வர்ற மாசமே எழுதச் சொல்றார்.

யூடியூப்ல ஒரு தமிழ் வீடியோ பார்த்தேன். காணி, வீடு 24 மாசத்துக்கு மேல கையில இருந்தா அது நீண்டகால இலாபம், வரி குறைவு, அதுக்கு முன்ன வித்தா குறுங்கால இலாபம், வரி கூடன்னு சொன்னாங்க. என் வீடு 24 மாசம் தாண்டிருச்சு. அப்போ நான் நீண்டகாலம் தானே? வீட்டுல மாமா என்னன்னா, எவ்வளவு நாள் கூட வச்சிருக்கோமோ அவ்வளவு நல்லது, ஏப்ரல்ல புது வரி வருஷம் தொடங்கின பிறகு எழுதுன்னு சொல்றார். எது சரி?

பண்டாரவளை ரவி | காலை 8.15

செல்வா, அந்த வீடியோ இந்தியாவுக்கு. நம்ம நாட்டுல குறுங்காலம் நீண்டகாலம்னு ஒண்ணுமே கிடையாது. ஒரு நாள் வச்சிருந்து வித்தாலும் சரி, இருபது வருஷம் வச்சிருந்து வித்தாலும் சரி, இலாபத்துல 10 வீதம். போன வருஷம் எங்க சித்தப்பா தியத்தலாவையில ஒரு காணி வித்தார், அவருக்கும் அதே 10 தான். காலத்தைப் பத்தி யோசிக்காதீங்க. விலை நல்லா இருந்தா இன்னிக்கே எழுதிக் கொடுங்க.

மஸ்கெலியா தங்கம் | காலை 9.02

எனக்கும் இது தான் பிரச்சினை. எங்க தோட்டத்துல 7 பர்ச்சஸ்ல வீடு கட்டிக் கொடுத்தாங்க. அஞ்சு வருஷமா இருக்கோம், இன்னும் உறுதி கைக்கு வரல. இவ்வளவு காலம் இருந்தா நீண்டகாலம்னு எடுத்து உறுதி தருவாங்களா? வரி கட்டச் சொல்வாங்களா?

லிந்துலை சுமதி | காலை 10.30

நான் நுவரெலியாவுல ஒரு கணக்காய்வு அலுவலகத்துல பல வருஷமா வேலை செய்றேன். இந்த வரி 2018 ஏப்ரல்ல திரும்ப வந்த நாள்ல இருந்து இந்தக் கணக்குகளைப் பார்த்துட்டு வர்றேன்.

தங்கம் அக்கா, இங்க பேசுறது மூலதன இலாப வரி, அதாவது சொத்தை விற்கும்போது வர்ற இலாபத்துக்கான வரி. நீங்க விற்கவும் இல்ல, இலாபம் எடுக்கவும் இல்ல, அதனால வரி கேட்க ஒண்ணுமே இல்ல. உறுதி கிடைக்கிறது வேற வழி. அதுக்குப் பிரதேச செயலகத்துல எழுத்துல கேளுங்க. உறுதி வந்ததும் எத்தனை வருஷம் விற்கக் கூடாதுன்னு அதுல நிபந்தனை இருக்கான்னு வாசிச்சுப் பாருங்க.

ரவி தம்பி சொன்னதுல பாதி சரி. வரி வீதம் நாள் கணக்கைப் பார்த்து மாறாது, அது உண்மை. 10 வீதம்னு சொன்னது இப்போ பழசு. 2025 ஏப்ரல் 1ல இருந்து தனியாளுக்கு 15 வீதம். சித்தப்பா போன வருஷம் வித்ததால அவருக்கு 10 வந்திருக்கும்.

ஆனா "காலத்தைப் பத்தி யோசிக்காதீங்க"ன்னு சொன்னதை நான் ஒத்துக்க மாட்டேன். செல்வா தம்பியோட விஷயத்துல காலம் தான் எல்லாமே. இங்க வதியிற ஒருத்தர் தன்னோட பிரதான வசிப்பிடத்தை விற்கும்போது அந்த இலாபத்துக்கு முழு விலக்கு உண்டு. அதுக்கு ரெண்டு நிபந்தனை. விற்கிற நாளுக்கு முன்னால மூணு வருஷம் தொடர்ச்சியா அந்த வீடு அவருக்குச் சொந்தமா இருந்திருக்கணும். அந்த மூணு வருஷத்துக்குள்ள குறைஞ்சது ரெண்டு வருஷம் அவர் அதுல குடியிருந்திருக்கணும். இதை நாள் நாளா எண்ணுவாங்க.

தம்பி, நான் உங்க திகதிகளை வச்சு மத்தியானம் கணக்குப் போட்டு எழுதுறேன். அதுவரைக்கும் எந்தக் கடதாசியிலயும் கையெழுத்துப் போட வேணாம்.

கோத்தகிரி முருகேசு | காலை 11.20

நான் நீலகிரியில இருந்து எழுதுறேன். எங்க அப்பா பொகவந்தலாவையில பிறந்தவர். ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தத்துல எழுபதுகள்ல இங்க வந்தோம். சொந்தங்கள் பாதி அங்க தான், அதனால இந்தப் பக்கத்தை விடாமப் படிக்கிறேன்.

செல்வா பார்த்த வீடியோ எங்க நாட்டுக்குச் சரியா தான் சொல்லுது. இங்க ஒவ்வொரு சொத்துக்கும் ஒரு எல்லைக்கோடு. நிலம், வீடுன்னா 24 மாசம். சந்தையில பட்டியல் போட்ட ஷேர்னா 12 மாசம். கோட்டைத் தாண்டினா வரி வேற, தாண்டலைன்னா வேற. கோடு எவ்வளவு கறாரானதுன்னு என் கணக்கையே சொல்றேன்.

2024 ஜூன் 10 அன்னிக்கு 4 லட்சத்துக்கு ஷேர் வாங்கினேன். இந்த வருஷம் ஜூன் தொடக்கத்துல அது 6 லட்சம். பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும், கடைசி நாள் ஜூன் 16. ஜூன் 2 அன்னிக்கு வித்திருந்தா அது குறுங்கால லாபம். 2 லட்சம் முழுசுக்கும் 20 சதவீதம், அதாவது 40,000. அதுக்கு மேல 4 சதவீத செஸ், ஆக மொத்தம் 41,600. நான் 12ஆம் தேதி வரைக்கும் பொறுத்து வித்தேன், விலை கிட்டத்தட்ட அதே தான். இப்போ அது நீண்டகால லாபம். வருஷத்துக்கு முதல் 1.25 லட்சத்துக்கு வரி இல்ல. மிச்சம் 75,000க்கு 12.5 சதவீதம் போட்டா 9,375, செஸ்ஸோட 9,750. பத்து நாள் பொறுத்ததுல 31,850 ரூபாய் வித்தியாசம்.

இந்த வீதங்கள் 2024 ஜூலை 23ல இருந்து வந்தது. அதுக்கு முன்ன ஷேர்ல 15ம் 10மா இருந்துச்சு. நிலத்துல குறுங்கால லாபத்துக்குத் தனி வீதம் கிடையாது. அது சம்பளத்தோட சேர்ந்து ஸ்லாப்ல போயிடும், அதனால 30 சதவீதம் கூட வரலாம். நீண்டகாலம்னா 12.5.

புசல்லாவை பிரியா | பிற்பகல் 12.05

நான் உயர்தரம் வர்த்தகப் பிரிவு படிக்கிறேன். முருகேசு மாமா, ஒரு சந்தேகம். அதே ஷேர், அதே ரெண்டு லட்சம் இலாபம், அதே ஆள். பத்து நாள் தள்ளி வித்ததுக்கு அரசாங்கம் ஏன் வரியைக் குறைக்கணும்? காசு காசு தானே?

வெலிமடை காணிக்காரன் | பிற்பகல் 12.40

என்னோடதையும் கொஞ்சம் பாருங்க. மரக்கறித் தோட்டமா இருந்த 60 பர்ச்சஸ் காணியை வாங்கி, நாலு துண்டா பிரிச்சு, பாதை வெட்டி, பேஸ்புக்ல போட்டு அஞ்சு மாசத்துல வித்து முடிச்சேன். இலாபம் 40 இலட்சம். இது ரெண்டாவது தடவை. 15 வீதம் போட்டா 6 இலட்சம் கட்டணும். ஒரு வருஷம் வச்சிருந்து வித்திருந்தா குறைஞ்சிருக்குமா?

லிந்துலை சுமதி | பிற்பகல் 2.10

முதல்ல செல்வா தம்பியோடது. ஒரு கடதாசியில கோடு போட்டுப் பார்த்தா தெளிவா விளங்கும்.

உங்க சொந்தம் தொடங்கின நாள் உறுதி எழுதின 2023 ஜனவரி 15. அட்வான்ஸ் கொடுத்த நவம்பரைக் கணக்குல எடுக்க முடியாது, அன்னிக்குக் காணி உங்க பேர்ல வரல. மூணு வருஷம் நிறையிறது 2026 ஜனவரி 15. அதுக்கு ஒரு நாள் முன்ன எழுதினாலும் விலக்கு கிடையாது. வர்ற மாசம் எழுதினா, வீட்டுக்கு உங்களுக்கான அடக்கம் 68, மூன்றரை, ஆறரை, மொத்தம் 78 இலட்சம். 115ல அதைக் கழிச்சா இலாபம் 37 இலட்சம். அதுக்கு 15 வீதம்னா 555,000 ரூபாய்.

இப்போ ரெண்டாவது நிபந்தனை. நீங்க குடியிருந்தது 2023 பெப்ரவரி 1ல இருந்து 2025 மார்ச் 31 வரைக்கும், ரெண்டு வருஷமும் ரெண்டு மாசமும். ஜனவரி 15 தாண்டி உடனே எழுதினா, திரும்பிப் பார்க்கிற மூணு வருஷத்துக்குள்ள அந்த நாட்கள் எல்லாமே விழும். விலக்கு கிடைக்கும்.

மாமா சொன்ன மாதிரி ஏப்ரல் வரைக்கும் பொறுத்தீங்கன்னா என்ன ஆகும்னு பாருங்க. 2026 ஏப்ரல் 20 அன்னிக்கு எழுதுறீங்கன்னு வைங்க. திரும்பிப் பார்க்கிற மூணு வருஷம் 2023 ஏப்ரல் 20ல இருந்து தான் தொடங்கும். அதுக்கு முன்ன பெப்ரவரி, மார்ச்ல நீங்க இருந்த நாட்கள் கணக்கை விட்டு வெளிய போயிடும். உள்ள மிஞ்சிறது 2023 ஏப்ரல் 20ல இருந்து 2025 மார்ச் 31 வரைக்கும். அது ரெண்டு வருஷத்துக்கு மூணு கிழமை குறைவு. விலக்கு போச்சு, திரும்பவும் அதே 555,000.

நீங்க வீட்டை விட்டு வெளிய இருக்கிற ஒவ்வொரு நாளும் முன்பக்கத்துல ஒரு குடியிருந்த நாள் கழண்டு விழுது. உங்களுக்கு ஜனவரி 15க்குப் பிறகு, மார்ச் கடைசிக்கு முன்ன, ரெண்டரை மாச வாசல் ஒண்ணு தான் திறந்திருக்கு. கடைசி நாள் வரைக்கும் இழுக்காம பெப்ரவரிக்குள்ள முடிச்சுக்கிறது தான் பாதுகாப்பு.

ஹட்டன் செல்வா | பிற்பகல் 2.35

அக்கா, வாசிச்சதும் கை நடுங்கிருச்சு. கூட நாள் வச்சிருந்தா வரி குறையும்னு தான் எல்லாரும் சொல்றாங்க. எனக்கு ஏப்ரல் வரைக்கும் வச்சிருந்தா வரி வருதா? கிராம சேவகர் எங்களுக்குத் தெரிஞ்சவர். இன்னும் நாங்க ஹட்டன்ல தான் இருக்கோம்னு அவர்கிட்ட ஒரு கடிதம் வாங்கினா ஏப்ரல்லயும் எழுதலாமா?

லிந்துலை சுமதி | பிற்பகல் 2.50

வேணாம் தம்பி. அப்படி ஒரு கடிதம் பொய்க் கடிதம். வாடகை ஒப்பந்தத்துல ஏப்ரல் 1ன்னு திகதி இருக்கு, கண்டியில உங்க பிள்ளைங்க பாடசாலையில சேர்ந்த திகதி இருக்கு. ஒண்ணு போதும் எல்லாத்தையும் உடைக்க. உங்களுக்கு நேர்மையான வழியே திறந்திருக்கும்போது அது எதுக்கு?

நீங்க சேர்க்க வேண்டியது வேற. 2023, 2024ல ஹட்டன் வீட்டு மின் பில், தண்ணி பில், வாக்காளர் இடாப்புல அந்த முகவரி, வங்கிக் கடிதங்கள். நீங்க இருந்த காலத்துக்கு ஆதாரம் அது தான். தடுப்புச் சுவருக்குச் சீமெந்து, கல், பாஸுக்குக் கொடுத்த கூலி எல்லாத்துக்கும் பில் இருந்தா எடுத்து வைங்க. விலக்கு கிடைக்காமப் போனா அந்த ஆறரை இலட்சத்தைக் காட்ட அது வேணும். பில் இல்லைன்னா அந்தச் சுவர் ஒண்ணுக்கே 97,500 ரூபாய் கூடுதலா வரி வரும்.

பண்டாரவளை ரவி | பிற்பகல் 3.20

15 வீதம் எனக்குத் தெரியாது, நன்றி அக்கா. ஆனா ஒரு கேள்வி. வாங்க வந்தவர் ஜனவரி வரைக்கும் நிற்பாரா? இப்பவே விற்பனை உடன்படிக்கை எழுதி, அட்வான்ஸ் வாங்கி, உறுதியை ஜனவரி 20க்கு வைக்கலாம் தானே? அப்படி வச்சா எந்த நாளை விற்ற நாள்னு எடுப்பாங்க?

லிந்துலை சுமதி | பிற்பகல் 3.55

நல்ல கேள்வி, இதுல தான் பல பேர் மாட்டுறாங்க. சட்டம் பார்க்கிறது சொத்து உங்க கையை விட்டுப் போற நாளை. வெறும் உடன்படிக்கையும் அட்வான்ஸும் சொந்தத்தை மாத்தாது, உறுதி தான் மாத்தும். என் வாசிப்பு அது. ஆனா முழுப் பணத்தையும் வாங்கி, சாவியையும் கொடுத்து, உறுதியை மட்டும் பின்னால வச்சா, "உண்மையில நவம்பர்லயே வித்துட்டீங்க"ன்னு ஒரு அதிகாரி வாதாட இடம் இருக்கு. நான் செல்வா தம்பியா இருந்தா பத்து வீத அட்வான்ஸுக்கு மேல வாங்க மாட்டேன், வீட்டையும் ஜனவரி வரைக்கும் கையில வச்சிருப்பேன். எழுதுறதுக்கு முன்ன உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துல எழுத்துல கேட்டு வைக்கிறதும் நல்லது.

பண்டாரவளை ரவி | பிற்பகல் 4.05

பத்து வீதம்னா 11.5 இலட்சம். அவ்வளவு கொடுத்துட்டு மூணு மாசம் நிற்கிற ஆள் கிடைக்கிறது கஷ்டம். ஐந்தரை இலட்சத்துக்காக 115ல நிற்கிற ஆளை விடுறது சரியான்னு எனக்கு இன்னும் சந்தேகம் தான். விலை இறங்கிட்டா?

லிந்துலை சுமதி | பிற்பகல் 4.20

அது செல்வா தம்பி தீர்மானிக்க வேண்டியது. நான் சொல்றது இவ்வளவு தான்: இப்போ 115க்கு எழுதினா வரி போக கையில 109.45 இலட்சம். ஜனவரியில அதுக்கு மேல எந்த விலை வந்தாலும் அவருக்கு இலாபம். ஐந்தரை இலட்சம் வரைக்கும் விலை இறங்கினாலும் நட்டம் இல்ல. அதை வச்சுப் பேரம் பேசலாம். "ஜனவரி வரைக்கும் நில்லுங்க, ஒன்றரை இலட்சம் குறைக்கிறேன்"ன்னு சொன்னா அவரும் நிற்கலாம்.

லிந்துலை சுமதி | இரவு 7.15

பிரியா தங்கச்சிக்கு. உன் கேள்வி தான் இந்த விஷயத்தோட வேர்.

ஒருத்தர் பதினஞ்சு வருஷம் ஒரு காணியை வச்சிருந்து வித்தா, பதினஞ்சு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்த இலாபம் ஒரே வருஷத்துல கைக்கு வருது. அதைச் சம்பளத்தோட சேர்த்துப் படிப்படியா ஏறுற வீதத்துல போட்டா, சாதாரண ஆளும் அந்த ஒரு வருஷத்துக்குப் பெரும் பணக்காரர் படியில போய் நிற்பார். அது அநியாயம். அதனால நீண்டகால இலாபத்தைத் தனியா எடுத்துக் குறைஞ்ச வீதம் போடுறாங்க. நாலு மாசத்துல வாங்கி வித்தவருக்கு இந்த நியாயம் பொருந்தாது. அவரோட இலாபம் அந்த வருஷத்துச் சம்பாத்தியம் தான்.

இன்னொரு காரணம், என் மனசுக்கு இது தான் பெரிசு, பணவீக்கம். தலவாக்கலையில 2019ல 50 இலட்சத்துக்கு வாங்கின வீட்டை இப்போ 100க்கு வித்தா, கடதாசியில இலாபம் 50 இலட்சம். ஆனா அதே காலத்துல நாட்டுல சாமான் விலையும் ஏறக்குறைய இரட்டிப்பாச்சு. 2022 செப்டெம்பர்ல கொழும்பு விலைச் சுட்டெண் ஒரே வருஷத்துல 69.8 வீதம் ஏறினதை யாரும் மறந்திருக்க மாட்டாங்க. அந்த 100 இலட்சத்தை வச்சு அவர் அதே மாதிரி ஒரு வீடு தான் வாங்க முடியும். உண்மையில இலாபமே இல்ல. ஆனா வரி ஏழரை இலட்சம். அவர் அதுல குடியிருந்திருந்தா விலக்கு காப்பாத்தும். வாடகைக்கு விட்ட வீடுன்னா, வெறும் காணின்னா, ஒண்ணும் காப்பாத்தாது. நீண்ட காலம் வச்சிருக்கிறவருக்குத் தான் இந்தப் பொய் இலாபம் கூட. காலத்தைப் பார்த்து வரி குறைக்கிறதுல இருக்கிற நியாயம் அது. நம்ம சட்டத்துல அதுக்கு ஒரு இடமும் இல்லாதது எனக்குப் பெரிய குறையா தெரியுது.

கோத்தகிரி முருகேசு | இரவு 7.50

சுமதி அக்கா சொன்ன அந்த ரெண்டாவது காரணத்துக்கு இங்க முன்ன நேரடியா ஒரு வழி இருந்துச்சு. நிலத்தை வித்தா, வாங்கின விலையைப் பணவீக்கக் குறியீட்டை வச்சு இன்னிக்கு விலைக்கு ஏத்தி, அதுக்கு மேல வர்ற லாபத்துக்கு மட்டும் 20 சதவீதம். 2024 ஜூலை 23ல அதை எடுத்துட்டு 12.5 ஆக்கினாங்க. அந்தத் தேதிக்கு முன்ன வாங்கின நிலம், வீட்டுக்கு மட்டும் இங்க வதியிற தனிநபர் ரெண்டு வழியில எது குறைவோ அதைக் கட்டலாம். விலை மெதுவா ஏறின நிலத்துக்குப் பழைய வழி நல்லது, வேகமா ஏறினதுக்குப் புது வழி நல்லது.

பிரியா, ஷேர்ல இன்னொரு காரணமும் சொல்வாங்க. பணம் தொழில்ல நிலைச்சு நிற்கணும், இன்னிக்கு வாங்கி நாளைக்கு விற்கிற கூட்டம் குறையணும்னு. 11 மாசத்துக்கும் 13 மாசத்துக்கும் இடையில என்ன பெரிய குணம் மாறிடுதுன்னு நீ கேட்டா, ஒண்ணும் மாறல. எங்கயாவது கோடு போடணும்னு போட்டது தான்.

இதுல நம்ம ஆளுங்க சறுக்குற இடம் ஒண்ணு. மாசா மாசம் ஷேர்ல போடுற மியூச்சுவல் ஃபண்டுல கட்டுவாங்க, மூணு வருஷம் கட்டினதும் "எல்லாம் நீண்டகாலம்"னு நினைச்சு மொத்தமா எடுப்பாங்க. ஒவ்வொரு மாசத் தவணைக்கும் தனித்தனி வாங்கின தேதி. கடைசி 12 மாசம் கட்டினது எல்லாம் குறுங்காலம், அதுல வந்த லாபத்துக்கு 20 சதவீதம். கொஞ்சமா எடுத்தா பிரச்சினை இல்ல, முதல்ல வாங்கினது முதல்ல போகும்னு கணக்கு, பழசு தான் வெளிய வரும். அப்பா விட்டுட்டுப் போன சொத்துன்னா அவர் வச்சிருந்த காலமும் நம்ம கணக்குல சேரும்.

புசல்லாவை பிரியா | இரவு 8.10

அப்போ அவசரத்துக்கு விற்கிறவங்க? அம்மாவுக்கு ஒப்பரேஷன்னு பதினோராவது மாசம் விற்கிறவர் கூட வரி கட்டுறார். கையில காசு இருக்கிறவர் பொறுத்துக் குறைவா கட்டுறார். இது எப்படி நியாயம்?

லிந்துலை சுமதி | இரவு 8.30

சரியான இடத்துல கை வச்சிருக்க. அதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. இன்னொரு பக்கமும் இருக்கு: கோடு போட்டா, விற்க வேண்டியதைக் கூட விற்காம ஆட்கள் நாள் எண்ணிட்டு உட்கார்ந்திருப்பாங்க. செல்வா தம்பி இப்போ அது தான் செய்யப் போறார். கனடா மாதிரி நாடுகள்ல இலாபத்துல பாதியை மட்டும் வருமானத்தோட சேர்க்கிறாங்க, எத்தனை நாள் வச்சிருந்தாலும் ஒரே மாதிரி. நம்ம நாட்டு வரி சம்பளத்தோட சேராம தனியா ஒரே வீதத்துல வர்றதால, ஒரே வருஷத்துல குவியிற பிரச்சினை இங்க இல்ல. பணவீக்கப் பிரச்சினை தான் அப்படியே நிற்குது.

வெலிமடை காணிக்காரன் | இரவு 8.45

என் கேள்வியை எல்லாரும் தாண்டிப் போயிட்டீங்க.

லிந்துலை சுமதி | இரவு 9.20

தாண்டல அண்ணே, உங்களோடது வேற சாதிக் கணக்கு, அதனால கடைசிக்கு வச்சேன்.

வாங்கி, துண்டு பிரிச்சு, பாதை வெட்டி, விளம்பரம் போட்டு, அஞ்சு மாசத்துல வித்து, அதையும் ரெண்டாவது தடவை செஞ்சா அது மூலதன இலாபம் இல்ல. அது வியாபாரம். காணி உங்களுக்குக் கடைச் சரக்கு மாதிரி. அப்போ 15 வீதம் பொருந்தாது, சாதாரண வருமான வரிப் படியில போகும்.

இது எப்பவும் கூடன்னு நினைக்காதீங்க. உங்களுக்கு வேற வருமானமே இல்லைன்னா 40 இலட்சத்துல 18 இலட்சம் தனியாள் கழிவு போகும். அந்தக் கழிவு மூலதன இலாபத்துக்குக் கிடையாது, வியாபார இலாபத்துக்கு உண்டு. மிச்சம் 22 இலட்சத்துக்கு 6, 18, 24, 30ன்னு படி ஏறி மொத்தம் 330,000 தான் வரும். நீங்க பயந்த 6 இலட்சத்தை விடக் குறைவு. ஆனா வேற கடை வருமானம் ஏற்கனவே 43 இலட்சத்தைத் தொட்டிருந்தா, இந்த 40 இலட்சம் முழுசும் 36 வீதத்துல போகும், 14 இலட்சத்து 40 ஆயிரம்.

ஒரு வருஷம் வச்சிருந்தா மாறுமான்னு கேட்டீங்க. இங்க காலம் ஒரு சாட்சி மட்டும் தான், கோடு இல்ல. அஞ்சு மாசம்னா வியாபார நோக்கம்னு நினைக்க இடம் கூட, அஞ்சு வருஷம்னா குறைவு. துண்டு பிரிச்சது, விளம்பரம் போட்டது, திரும்பத் திரும்பச் செஞ்சது இதெல்லாம் ஒரு வருஷம் பொறுத்தாலும் அழியாது.

வெலிமடை காணிக்காரன் | இரவு 9.40

கடை ஒண்ணு இருக்கு, அவ்வளவு வருமானம் இல்ல. அப்பாவோட பேர்ல 1998ல வாங்கின இன்னொரு காணி இருக்கு, அதை அப்பா துண்டு பிரிக்காம அப்படியே வித்தா? அவர் வாங்கினது வெறும் மூணு இலட்சம். இலாபம் மலை மாதிரி வருமே?

லிந்துலை சுமதி | இரவு 10.00

அது வியாபாரம் இல்ல, மூலதன இலாபம். பயப்பட வேணாம். 2017 செப்டெம்பர் 30 அன்னிக்கு அப்பா பேர்ல இருந்த சொத்துக்கு, அந்த நாள்ல இருந்த சந்தை விலையை வாங்கின விலையா எடுக்கலாம். 1998ல இருந்து அதுவரைக்கும் ஏறின விலைக்கு வரி இல்ல. பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்கிட்ட அந்தத் திகதிக்கு மதிப்பீடு வாங்குங்க. இப்போ விலையை எழுதித் தரச் சொல்லி வாங்கிட்டு வர்றாங்க சில பேர், அது உதவாது. வித்து ஒரு மாசத்துக்குள்ள இதுக்கான விவரத்திரட்டைக் கொடுத்து வரியையும் கட்டணும், வருஷக் கடைசி வரைக்கும் பொறுக்கக் கூடாது.

ஹட்டன் செல்வா | ஒக்டோபர் 13, மாலை 6.10

வாங்க வந்தவரோட பேசினேன். ஜனவரி மூணாம் கிழமை வரைக்கும் நிற்கச் சம்மதிச்சார், ஆனா 113க்கு எழுதச் சொல்றார். அட்வான்ஸ் 5 இலட்சம், சாவி உறுதி அன்னிக்குத் தான். நொத்தாரிஸும் திகதியைப் பார்த்துட்டு ஜனவரி 15ஆம் திகதியே வேணாம், 22க்கு வைப்போம்னு சொன்னார். திணைக்களத்துக்குக் கடிதம் எழுதிட்டேன், பதில் வந்ததும் இங்க போடுறேன். மாமா இன்னும் ஏப்ரல்னு தான் நிற்கிறார். சுமதி அக்கா போட்ட கோட்டை நானும் கடதாசியில போட்டுக் காட்டினேன். 2023 பெப்ரவரியும் மார்ச்சும் ஏன் கணக்கை விட்டுப் போகுதுன்னு ரெண்டு தடவை கேட்டார்.

பண்டாரவளை ரவி | மாலை 6.30

113லயும் நீங்க முன்ன தான். இப்போ எழுதினா கிடைக்கிற 109.45ஐ விட மூன்றரை இலட்சம் கூட. கடிதத்துக்குப் பதில் வந்தா மறக்காம போடுங்க, உடன்படிக்கை விஷயத்துல அவங்க என்ன சொல்றாங்கன்னு எனக்கும் தெரியணும்.